கடைத்தெரு எங்கே இருக்கிறது?



அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் மக்காவில் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தவர்கள். அங்கே நபி (ஸல்) அவர்கள், அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) அவர்களை அவருக்குச் சகோதரராக ஆக்கினார்கள். தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக ஸஅத் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் அவருக்காக பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, இங்கே கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். முதல் நாளே கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு வந்தார்கள். கவனியுங்கள், ஒரு நாளோடு நிற்கவில்லை. தினமும் காலையில் போனார்கள். ஒரே இடத்தில் தினமும் தெரிகிற முகத்தைத்தானே ஊர் நம்பும்? சில நாட்களில் ஆடையில் மஞ்சள் நறுமணக் கறையோடு வந்தார்கள். பேரீச்சங்கொட்டை எடை தங்கம் மஹராகக் கொடுத்து, ஓர் அன்சாரிப் பெண்ணை மணமுடித்திருந்தார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். புதிதாக வந்தவர் ஊருக்கே விருந்து கொடுப்பவராகிவிட்டார்.

வேலைக்காக வெளியூர் போகிற தம்பிமார்களே, ஜும்ஆவுக்கு வாரம் ஒரு பள்ளி என்று மாறாதீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில், தினமும் ஃபஜ்ருக்கு நில்லுங்கள். முதலில் முஅத்தினிடம் ஸலாம் சொல்லி, ஊரையும் தொழிலையும் சொல்லுங்கள். மஹல்லாவில் யார் யார் என்ன தொழில் என்பது அவருக்குத் தெரியும். பணம் கேட்காதீர்கள், வழி கேளுங்கள். சொந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம் ஒன்றையும் கையோடு வாங்கிப் போங்கள். நாளை நிகாஹ் பேச்சு வந்தால், அந்த ஊர் ஜமாஅத் முதலில் கேட்பது அதைத்தான்.