தனியாக இருந்தால் தோழி, நாலு பேர் இருந்தால் யாரோ

நம் இயக்கத்துத் தங்கச்சி ஒருத்தி சில மாதங்களுக்கு முன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அக்கா, இதுல எது உண்மை?" என்று கேட்டாள். அவள் காட்டியது ஒரு தோழியோடு புலனத்தில் நடந்த உரையாடல். காலையில் "பசியாறியாச்சா டி?" என்று ஆரம்பித்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போகும். வீட்டில் அப்பா அம்மா சண்டை, பரீட்சை பயம், அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவுகள் என்று எல்லாம் அதில் இருந்தன. "நீ இல்லேன்னா எனக்கு யாரு?" என்றும் ஒரு வரி.

அதே தோழி வெள்ளிக்கிழமை பஜனை முடிந்து மாமாக் கடைக்குப் போனால், இவளுக்கு எதிர்க்கோடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். இவள் பேசினால் "ம்ம்" என்பதோடு சரி. மற்ற மூன்று பேரோடும் நன்றாகச் சிரித்துப் பேசுவாள். நம்ம தங்கச்சி தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அந்த நால்வரும் பட்டணத்துத் தாமான் பிள்ளைகள், தங்களுக்குள் ஆங்கிலம்தான். இதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

எது உண்மை என்ற கேள்வியைப் பல நாள் யோசித்தேன். ராத்திரிப் பேச்சு நடிப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், அப்படித் தோன்றவில்லை. ஒரு மணிக்கு அழுகிறவள் பொய்யாக அழுவதில்லை. அங்கே காட்டிய பாசமும் உண்மை, மேசையில் காட்டிய விலகலும் உண்மை. அதனால்தான் மனசு இவ்வளவு குழம்புகிறது.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் சகுந்தலை கதை வருகிறது. நமக்குப் பெரும்பாலும் தெரிந்தது காளிதாசரின் நாடகத்தில் வரும் கதை. அதில் துர்வாசர் சாபத்தால் துஷ்யந்தன் அவளை மறந்துபோகிறான், மோதிரத்தைப் பார்த்ததும் நினைவு வருகிறது. பாரதத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. கண்வர் ஆசிரமத்தில் அவளை மணந்த மன்னன், அவள் மகனோடு அரசவைக்கு வந்து நிற்கும்போது, நினைவு இருந்தும் "எனக்கு நினைவில்லை" என்கிறான். போதாததற்கு ஏசவும் செய்கிறான். பிறகு வானத்திலிருந்து ஒரு குரல் அவள் சொல்வது உண்மை என்கிறது. அப்போது மன்னன் சபையைப் பார்த்து, எனக்கும் தெரியும், ஆனால் இவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் சந்தேகப்பட்டிருக்கும் என்று விளக்கம் சொல்கிறான்.

காட்டில் அவன் காட்டிய அன்பு பொய் என்று கதை சொல்லவில்லை. சகுந்தலையும் சபையில் அன்பைக் கேட்கவில்லை, தன்னை அறிந்தவன் அறிந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறாயே, உன் நெஞ்சுக்குள் ஒரு பழைய சாட்சி இருக்கிறதே என்கிறாள். சத்தியத்தை ஆயிரம் அசுவமேதத்தோடு வைத்து நிறுத்தாலும் சத்தியத்தின் பக்கம்தான் கனம் என்றும் சொல்கிறாள்.

நம்ம தங்கச்சியின் கேள்விக்கு எனக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. பாசம் வேறு, தெரிந்தவள் என்று ஒப்புக்கொள்வது வேறு. புலனத்தில் பாசம் காட்டச் செலவு ஒன்றும் இல்லை, பார்க்க மூன்றாம் ஆள் கிடையாது. மேசையில் "வா, இங்க உட்காரு" என்று சொன்னால், அது இவளுக்கு மட்டும் சொல்வதில்லை, "இவள் என் ஆள்" என்று மற்ற மூன்று பேருக்கும் சொல்வது. அங்கே கொஞ்சம் செலவு உண்டு. அந்தச் செலவைச் செய்ய மனமில்லாத இடத்தில் பாசம் இருக்கலாம், நட்பு இன்னும் வரவில்லை.

ஆனால், கூட்டத்தில் பேசாதவரை எல்லாம் துஷ்யந்தன் கணக்கில் சேர்க்கவும் கூடாது. சிலர் நாலு பேர் சேர்ந்தாலே வாய் திறக்க மாட்டார்கள். அவர் எல்லோரிடமும் அப்படி இருக்கிறாரா, என்னிடம் மட்டுமா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் சிலர் இருவருமாகப் பேசி வைத்துக்கொண்டு விலகி நிற்பார்கள். ஆணும் பெண்ணும் பேசினாலே கலாய்க்கிற கூட்டம் நம்மிடம் உண்டு. "எல்லாரும் இருக்கும்போது சாதாரணமா இருப்போம்" என்று இருவரும் ஒத்துக்கொண்டால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. துஷ்யந்தன் சொன்ன காரணம்கூடக் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதை அவன் அவளிடம் முன்னாலேயே சொல்லவில்லை. முடிவு அவனுடையது, தலைகுனிவு அவளுடையது. தப்பு அந்த இடத்தில்தான்.

திருக்குறளில் தீ நட்பு அதிகாரத்தின் கடைசிக் குறள், 820, வீட்டில் நட்பாக இருந்து மன்றத்தில் பழிப்பவரின் உறவு துளிகூட வேண்டாம் என்கிறது. இதை நம்ம தங்கச்சியிடம் சொன்னபோது, "அவ என்னைப் பழிக்கல அக்கா, பேசாம இருக்கா, அவ்வளவுதான்" என்றாள். சரியான பதில். வள்ளுவர் சொன்னது பழிப்பவரை, மௌனமாக இருப்பவரை அல்ல. கோடு எங்கே இருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை அவளே கண்டுகொண்டாள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இவள் பேசும் ஆங்கிலத்தைப் போலவே பேசிக் காட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். தோழியும் சிரித்தாள். ராத்திரி, "கோவிச்சுக்காத டி, அவங்க அப்படித்தான்" என்று செய்தி வந்தது. அவமானம் நாலு பேர் முன்னால், ஆறுதல் மட்டும் தனியாக! இப்படி ஆகிவிட்டால் அது வெறும் மௌனம் இல்லை.

இவள் அதற்குப் புலனத்தில் பதில் போடவில்லை. அங்கே கேட்டால் பாசமான பதில்தான் வரும், அது அவளுக்குத் தெரியும். நேரில் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் இருக்கும்போது என் பேரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்." "நீ ரொம்ப யோசிக்கிற லா" என்று தோழி சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அதன்பிறகு தங்கச்சி சண்டை போடவில்லை, எண்ணை முடக்கவும் இல்லை. சபையில் எவ்வளவோ தனிமையிலும் அவ்வளவு என்று வைத்துக்கொண்டாள். வணக்கத்துக்கு வணக்கம், நலமா என்றால் நலம். ராத்திரி ஒரு மணிக்கு வரும் செய்திக்கு மறுநாள் பகலில் பதில். தோழியின் வீட்டு ரகசியம் அத்தனையும் இவளிடம் இருக்கிறது, ஒன்றும் வெளியே போகவில்லை. அந்த மேசையில் அதைச் சொல்லிப் பழி தீர்க்க ஒரு நிமிஷம் போதும். அது வேண்டாம் என்று இருந்தாளே, அதுதான் அவள் பக்கத்துத் தர்மம்.

இதைப் படிக்கிற ஒருவர் மறுபக்கத்தில் இருக்கலாம். ராத்திரி யாரிடம் மனசைக் கொட்டுகிறீர்களோ, அவர் நாளைக்குக் கோயில் மண்டபத்தில் உங்கள் பக்கம் நடந்து வருவார். உங்கள் கூட்டமும் பக்கத்தில் நிற்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார இடம் கொடுங்கள். மிச்சத்தைப் புலனத்தில் பேசிக்கொள்ளலாம்.