யாரும் சோதிக்காத படிவம்

ஒரு செயலியை கூகுள் பிளேயில் முதன்முறையாக வெளியிடும்போது குறியீடு எழுதுவதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இரண்டு படிவங்கள்தான். ஒன்று Data safety. இன்னொன்று வயதுத் தர வினாப்பட்டியல். இரண்டிலும் நாம் சொல்வதைத்தான் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். பொய் என்று பிறகு தெரிந்தால் செயலியை நீக்கலாம். ஆனால் அனுப்பும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பவர் யாருமில்லை.

எங்கள் செயலி சின்னது. தேவார வரிகள், பக்கத்துக் கோயில்கள், அன்றைய நட்சத்திரம், அர்ச்சனைக்கு முன்பதிவு. "எல்லாத்துக்கும் No போட்டுடு மச்சான், நாம என்ன யார் டேட்டாவையும் விக்கவா போறோம்?" என்றான் கூட வேலை செய்த நண்பன். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் படிவம் விற்பதைப் பற்றிக் கேட்கவில்லை. தகவல் பயனரின் போனை விட்டு வெளியே போகிறதா என்று கேட்கிறது. "சேகரிப்பது" என்பதற்கு அங்கே அதுதான் பொருள்.

இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கோயில் பட்டியல் செயலிக்குள்ளேயே இருக்கிறது, தூரத்தைப் போனே கணக்கிடுகிறது. அதனால் இருப்பிடத்துக்கு No என்பதே உண்மை. பயத்தில் எல்லாவற்றுக்கும் Yes போடுவதும் தவறான பதில்தான். ஆனால் நட்சத்திரத்தைப் பாருங்கள். தினசரிப் பலனுக்காகப் போனிலேயே சேமித்தால் அது சேகரிப்பு இல்லை. அதே ரோகிணியை அர்ச்சனைக்காகக் கோயில் அலுவலகத்துக்கு அனுப்பினால் சேகரிப்பு. தகவல் ஒன்றுதான், போன பாதைதான் வேறு.

அடுத்த கேள்வி: அது எந்த வகைத் தகவல்? பட்டியலில் Political or religious beliefs என்று ஒரு வரி இருக்கிறது. நட்சத்திரம் வெறும் பிறந்த நாள் கணக்குதானே என்று வாதாடலாம். ஆனால் பெயர், போன் நம்பர், எந்தச் சாமிக்கு அர்ச்சனை என்ற மூன்றும் ஒரே வரியில் இருந்தால், அதைப் பார்க்கிற யாருக்கும் அவர் மதம் தெரிந்துவிடும். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மத நம்பிக்கையை உணர்வுபூர்வமான தகவல் வகையில்தான் வைக்கிறது. டிக் அடித்தேன்.

நாம் எழுதாத குறியீட்டுக்கும் நாமே பொறுப்பு. இதுதான் பலர் தடுக்கும் இடம். பயன்பாட்டைக் கணக்கிட ஓர் அனலிட்டிக்ஸ் நூலகம் சேர்த்தால், விளம்பர அடையாள எண்ணைப் படிக்கும் அனுமதி தானாக உள்ளே வந்துவிடக்கூடும். நம் கோப்பில் அந்த வரியே இருக்காது. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவில் AndroidManifest.xml-ஐத் திறந்து, கீழே Merged Manifest தாவலைப் பார்த்தால் எல்லாம் தெரியும். விளம்பரமே இல்லாத எங்களுக்கு அது எதற்கு?

```xml
<uses-permission
  android:name="com.google.android.gms.permission.AD_ID"
  tools:node="remove" />
```

இதனால் போவது அந்த எண் மட்டும்தான். நூலகம் அனுப்பும் மற்ற விவரங்களை அதன் ஆவணத்தைப் படித்துத் தனியே சொல்லத்தான் வேண்டும்.

வயதுத் தரத்தில் வேறு மாதிரிச் சங்கடம். செயலியில் மகிஷாசுரமர்த்தினி படம் இருக்கிறது: சூலம், அசுரன், ரத்தம். வன்முறை உண்டா என்று கேட்டால்? "சாமி படத்தைப் போய் வன்முறைன்னு சொல்றதா?" என்று நண்பனுக்குக் கோபம். எனக்கும் மனம் ஒப்பவில்லைதான். ஆனால் கேள்வி அம்பாளைப் பற்றியதில்லை. திரையில் தெரிவதைப் பற்றியது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுக்கும் ஓர் அம்மாவுக்கு, அவர் எந்த மதமாக இருந்தாலும், அந்தப் பதில் தேவை. உண்டு என்றே பதில் கொடுத்தோம்.

அப்போதுதான் அவன் குறளை எடுத்தான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைதான் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறாரே! கொடுக்கிறார், சரி. ஆனால் அந்த நன்மை யாருக்கு? இங்கே பொய்யால் லாபம் எங்களுக்கு, தெரியாமல் இருக்கும் இழப்பு அர்ச்சனை சீட்டு எழுதும் பாட்டிக்கு. அந்தச் சலுகைக்குள் இது வராது என்பது என் கட்சி. அவன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, பயனர் கேட்டால் தகவலை அழிக்க வழி உண்டா என்ற கேள்வி. எங்களிடம் அப்போது வழியில்லை. No போட்டோம். அதனால் கடைப் பக்கத்தில் Data can't be deleted என்று எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. "பார்க்க நல்லாவா இருக்கு தம்பி?" என்று கேட்டார் கோயில் கமிட்டி அண்ணன் ஒருவர். இல்லைதான் அண்ணே. அழிக்கும் வசதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அது வேலை செய்யும்வரை அந்த வரி அங்கேயே இருக்கும்.