உங்கள் மேசை, உங்கள் போத்தல்

கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார், கனடாவிலிருந்து மச்சான் வருகிறார் என்றதும் ஏன் உங்கள் முகம் வெளுக்கிறது? கோழிக்கறியில் நீங்கள் யாருக்கும் சளைத்தவர் அல்ல. உங்களுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். வைன் வாங்க வேண்டும், எந்த வைன் என்று தெரியாது, தெரிந்தாலும் கையில் அவ்வளவு பணம் இல்லை. நிமிர்ந்து நில்லுங்கள்! நீங்கள் மாத்தளைக்காரர். மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் வேலியோரம் விளையும் மாவட்டத்தில் வளர்ந்த நாக்கு உங்களுடையது. எந்தப் பானம் எந்தக் கறிக்குச் சேரும் என்பதைத் தீர்ப்பது போத்தலின் விலை அல்ல, அந்த நாக்குத்தான்.

முதலில் எதிரியை அடையாளம் காணுங்கள். அது உங்கள் வறுமை அல்ல, உங்கள் கறியிலுள்ள உறைப்பு. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பிப்பரினும் நாக்கில் சூட்டை உணர்கிற அதே நரம்பு முனைகளைத்தான் தூண்டுகின்றன. அந்த முனைகள் சாதாரணமாக 42 பாகை செல்சியஸ் அளவில்தான் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். மதுசாரம் பட்டால் அந்த எல்லை 34 பாகைக்கு இறங்கிவிடுகிறது என்று 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே 37. அதாவது உறைப்புக் கறியோடு கடுமையான மதுவைக் குடிப்பவருக்குத் தன் வாய்ச் சூடே தன்னைச் சுடுகிறது. இதோடு சிவப்பு வைனின் துவர்ப்பும் சேர்ந்தால் நாக்கு வறண்டு, கறி கசக்கும். 14 சதவீதச் சிவப்பு வைனைக் கடன் வாங்கியாவது கொண்டுவந்து மிளகுக் கோழிக்குப் பக்கத்தில் வைப்பவர், இரண்டையும் ஒரே நேரத்தில் கெடுக்கப் பணம் கொடுக்கிறார்.

மீனுக்கும் இதே கதைதான். அம்புல் தியலோ பொரித்த சூரையோ சாப்பிட்ட வாயில் சிவப்பு வைன் பட்டதும் சில நேரம் பழைய மீன் வாடை கிளம்பும். மீன் கெட்டுப்போனது என்று மனைவியை முறைக்காதீர்கள். வைனிலுள்ள இரும்பு மீனின் எண்ணெயோடு சேர்ந்து செய்யும் வேலை அது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டுபிடித்தார்கள். இரும்பு குறைந்த வைனில் இந்த வாடை அவ்வளவாக வராது. ஆனால் எதில் எவ்வளவு இரும்பு என்று எந்த லேபலும் சொல்லாது. ஆகவே மீன் இருக்கும் மேசைக்குச் சிவப்பு வேண்டாம் என்று துணிந்து சொல்லிவிடுங்கள்.

உறைப்பை அடக்குவது எது? இனிப்பு, குளிர்ச்சி, குறைந்த மதுசாரம். மூன்றும் ஒரே குவளையில் கிடைக்க வேண்டும். அதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், தென்னஞ்சாராயமும் இஞ்சியும் போதும்.

ஒரு விருந்தை எடுத்துக்கொள்வோம். உக்குவளையில் ஒரு ஆசிரியர் வீடு, மேசையில் எட்டுப் பேர். ஐந்து பேர் குடிப்பார்கள், மூன்று பேர் தொடமாட்டார்கள். சோறு, மிளகுக் கோழி, அம்புல் தியல், பொலொஸ், பருப்பு, தேங்காய்ச் சம்பல், கடைசியில் வட்டலப்பம். குடிப்பவருக்குத் தலைக்கு இரண்டு குவளை. அதற்கு மேல் ஊற்றுவது உபசாரம் அல்ல.

இதையே வைனில் செய்தால் ஒரு குவளை 125 மில்லிலீற்றர் என்று பத்துக் குவளைக்கு 1250 மில்லிலீற்றர். 750இன் போத்தல் இரண்டு வேண்டும். இறக்குமதியும் வரியும் சேர்ந்த விலையில் இரண்டு. சாராயத்தில் செய்தால் குவளைக்கு 30 மில்லிலீற்றர், பத்துக்கு 300. 375இன் அரைப் போத்தல் ஒன்றிலேயே மிச்சம் இருக்கும். நீங்கள் அஞ்சி நடுங்கிய செலவு அவ்வளவுதான்!

இனி இஞ்சிப் பாணி. கால் கிலோ பச்சை இஞ்சியைத் தோலோடு கழுவித் துருவுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் நாலு கராம்போடு போட்டு, மெல்லிய தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். சூடாக இருக்கும்போதே 300 கிராம் சீனியைக் கரையுங்கள். வீட்டில் நல்ல கித்துள் பாணி இருந்தால் சீனியில் பாதிக்குப் பதில் அதைச் சேர்க்கலாம், புகை வாசமுள்ள இனிப்பு கிடைக்கும். நன்றாக ஆறிய பிறகே நாலு தேசிக்காயைப் பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் வாசம் ஆவியாகி, கசப்பு மட்டும் மிஞ்சும். முதல் நாளே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

குவளைக்கு 60 மில்லிலீற்றர் பாணி, 30 சாராயம், 110 குளிர்ந்த தண்ணீர், மேலே ஐஸ். சாதாரணச் சாராயம் 33 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். இந்தக் கலவையில் அது ஐந்து சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஒரு லாகர் பியர் அளவு. கடைசியில் சாதிக்காயை இரண்டு இழுப்புத் துருவிவிடுங்கள். விருந்தாளி குவளையை மூக்கருகே கொண்டுபோகும்போது முதலில் எழுவது சாராய நெடி அல்ல, மாத்தளை.

கடையில் விற்கும் இஞ்சி பியர் போதாதா என்பீர்கள். பைட் தட்டு வரும்போது, பொரித்த கடலைக்கும் நெத்தலிக்கும், அது அருமை. உப்பையும் எண்ணெயையும் அந்த நுரை கழுவிக்கொண்டு போகும். ஆனால் உறைப்பான சோற்றுக்கு வந்ததும் நுரையே நாக்கைக் குத்தத் தொடங்கும், ஏனென்றால் வாயுப் பானத்தின் சுரீரென்ற கடியும் ஒரு எரிச்சல்தான். அதனால்தான் பிரதான சாப்பாட்டுக்கு நுரையில்லாத வீட்டுப் பாணி. பியருக்கும் இதே கணக்கு: பைட்டோடு சரி, மிளகுக் கோழியோடு சுமார்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். முதல் நாள் வைத்த குழம்பில் ஒரு கரண்டி சோற்றோடு சாப்பிடுங்கள். பானத்தை ஒரு வாய் குடியுங்கள். முப்பது வரை எண்ணுங்கள். எரிவு ஏறினால் பானம் தோற்றது: தண்ணீரையும் பாணியையும் கூட்டுங்கள், சாராயத்தைக் குறையுங்கள். எரிவு தணிந்து கறியின் வாசம் மறுபடி வாயில் எழுந்தால் வென்றது. அடுத்து அம்புல் தியலுக்கு அதே சோதனை. கொறக்காப் புளிப்புக்கு முன்னால் பானம் சப்பென்று தெரிந்தால் இன்னொரு தேசிக்காய் பிழியுங்கள். புளித்த கறிக்குப் பக்கத்தில் நிற்கும் பானத்துக்கும் அதே அளவு புளிப்பு வேண்டும். வைன் நிபுணர் செய்வதும் இதைத்தான், குவளை மட்டும்தான் வேறு.

இல்லை, வைன் போத்தல் ஒன்று மேசையில் இருந்தே ஆக வேண்டும் என்கிறீர்களா? வாங்குங்கள், ஆனால் தலை நிமிர்ந்து வாங்குங்கள். லேபலின் மூலையிலுள்ள சதவீதத்தைப் பாருங்கள். ஜேர்மன் ரீஸ்லிங் 9 அல்லது 10 சதவீதமாக இருந்தால், திராட்சையின் இனிப்பு முழுவதும் மதுசாரமாக மாறாமல் மிஞ்சியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த இனிப்பும் அதன் புளிப்பும் நம் கறிக்கு நன்றாகவே பிடிக்கும். 12ஐத் தாண்டினால் வேறு போத்தலைத் தேடுங்கள். திருகு மூடியைக் கண்டு மலிவு என்று முகம் சுளிக்காதீர்கள். அவுஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு வைன்காரர்கள் 2000இல் தங்கள் ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட்டது தரத்தைக் காக்கத்தான். தக்கை திருகி வாங்கும் செலவும் மிச்சம்.

கடையில் வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்காய் நின்ற போத்தலைத் தொடாதீர்கள். தக்கை மேலெழும்பியிருந்தாலோ, வெள்ளை வைன் பழுப்பேறியிருந்தாலோ, திறந்ததும் வேகவைத்த பழ வாசம் அடித்தாலோ அது வெப்பத்தில் வெந்துபோனது. வைனை ‘அறை வெப்பநிலை’யில் பரிமாற வேண்டும் என்று யாராவது சொன்னால், அது குளிர் நாட்டு வீட்டு அறை என்று தயங்காமல் சொல்லுங்கள். மாத்தளையில் வெள்ளை வைனுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் தேவை. மறந்துவிட்டால் வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்டுக் கழுத்துவரை அமிழ்த்துங்கள், இருபது நிமிடத்தில் தயார். வெறும் ஐஸ் போத்தலை இடைவெளி விட்டுத்தான் தொடும். தண்ணீர் முழுவதும் தழுவும்.

குடிக்காத மூவரைப் பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் காரமாகவே. சம்பள நாளில் தவறணை வாசலில் வீட்டுச் சோறு கரைந்துபோனதை நம் தோட்டங்கள் தலைமுறையாகக் கண்டிருக்கின்றன. குடிக்காதவரிடம் “ஒரு வாய்தானே” என்று குழைபவர் விருந்து கொடுக்கத் தகுதியற்றவர்! அவருக்கும் அதே குவளை, அதே இஞ்சிப் பாணி, அதே சாதிக்காய். சாராயத்துக்குப் பதில் 30 மில்லிலீற்றர் தண்ணீர், அவ்வளவே. பார்வைக்கு எட்டுக் குவளையும் ஒன்றாக இருக்கும். அடையாளம் தெரிய, சாராயக் குவளையின் விளிம்பில் மட்டும் தேசிக்காய் வில்லை ஒன்றைச் செருகிவையுங்கள். எட்டுப் பேருக்கும் இரண்டு குவளை என்றால் பதினாறு, 960 மில்லிலீற்றர் பாணி. நீங்கள் செய்து வைத்தது போதும்.

வட்டலப்பம் வரும்போது மது வேண்டாம். இனிப்புக்கு முன்னால் இனிப்புக் குறைந்த வைன் காடியாகிவிடும். சீனி போடாத பிளேன்டீயை உரமாகக் கொடுங்கள். இரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் வளைவுகளில் ஏறிப் போக வேண்டியவர்களுக்கு அதன் பிறகு ஒரு மணி நேரப் பேச்சும் கொடுங்கள். தேநீர் போதையைத் தெளியவைக்காது, நேரம் மட்டுமே தெளியவைக்கும். குடித்தவர் வாகனத் திறப்பைத் தொடக்கூடாது. குடிக்காத மூவரில் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

விலையைக் குறைக்கிறேன் என்று கசிப்போ லேபல் இல்லாத போத்தலோ வாங்கி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதில் மெதனோல் இருந்தால் கண் போகும், உயிரும் போகும். உரிமம் பெற்ற கடையில் முத்திரை உடையாத அரைப் போத்தல் வாங்குங்கள். 21 வயது நிறையாத பிள்ளையை அனுப்பாமல் நீங்களே போங்கள். அதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். விருந்து நாள் போயாவாக இருந்தால் நாடு முழுவதும் கடை பூட்டு. முதல் நாளே வாங்கி வையுங்கள், இஞ்சியையும் அன்றே துருவிவிடுங்கள்.