சாட்சிக் கையெழுத்தும் மொய்யும்

அடையாறிலோ மயிலாப்பூரிலோ வாழும் இருவர், மண்டபமும் விருந்தும் வேண்டாம், ரிஜிஸ்டர் மேரேஜ் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். நண்பர்களின் கால்கள் உடனே தி.நகர் வெள்ளிக்கடைப் பக்கம் போகும். குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ், பூஜைத் தட்டு. விளக்கேற்றும் வழக்கம் உள்ளவர்கள் என்றால் சரி. இல்லாவிட்டால், சடங்கு வேண்டாம் என்றவர்களின் கையில் சடங்கையே வைப்பது, வாழ்த்தோடு சேர்த்து அவர்கள் முடிவின் மீதான ஆட்சேபத்தையும் கொடுப்பதாகும்.

மொய் வைக்கலாமா? மொய் திரும்பி வரவேண்டிய பணம். அதற்காகத்தான் நோட்டுப் போட்டு எழுதுகிறார்கள். அந்தக் கணக்கே வேண்டாமென்று ஒதுங்கியவர்களை மறுபடி அதற்குள் இழுப்பது நியாயமில்லை. ஆனால் மொய்யை விட்டதால் புதுக்குடித்தனத்துக்கு உதவும் ஒரு தொகையையும் அவர்கள் விட்டிருக்கிறார்கள். பெற்றோர் ஒப்பாத திருமணம் என்றால் வீட்டு அட்வான்ஸுக்கே திண்டாட்டமாக இருக்கும். அங்கே பணம் கொடுப்பது தவறில்லை. யாருக்கும் தெரியாமல், திருப்பித் தரும் பேச்சே எழாமல் கொடுக்க வேண்டும்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடக்கும் திருமணத்தில் நண்பர்கள் தரக்கூடியது இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, வாயைக் கட்டுவது. இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். அதன்பின் 30 நாள் காத்திருக்க வேண்டும். ஒருவரின் நிரந்தர முகவரி மதுரை என்றால் நோட்டீஸ் பிரதி அங்கும் போகும். சட்டம் சொல்லும் காரணத்துக்கு மட்டுமே ஆட்சேபம் செல்லும் என்றாலும், சேதி சொந்தக்காரர் காதில் விழுந்தால் பெண்ணை வீட்டில் பூட்டிவைக்க எந்தக் காரணமும் தேவையில்லை. அந்த ஒரு மாதம் வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போடும் ஒரு வாழ்த்துகூட ஆபத்தாகலாம்.

இரண்டாவது, சாட்சிக் கையெழுத்து. மூன்று சாட்சிகள் இல்லாமல் திருமணம் நடக்காது. நடப்பதோ வேலை நாளில். அன்று காலை ஒருவர் ஆபீஸ் மீட்டிங் என்று நழுவினால், அலுவலக வாசலில் யாரையாவது பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டிவரும். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் புது நோட்டீஸ்தான். லீவு போட்டு, அடையாளச் சான்றோடு நேரத்துக்கு வந்து நிற்கும் நண்பர் கொடுப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு பொருளும் உண்டு. தாம் அறிந்தவரை இந்தத் திருமணத்துக்குச் சட்டத்தடை இல்லை என்று சாட்சிகள் சேர்ந்து சொல்கிறார்கள். பொய்யென்று தெரிந்தே அதற்குக் கையெழுத்திடுவது தண்டனைக்குரிய குற்றம். முந்தைய திருமணத்தின் விவாகரத்து இன்னும் முடியவில்லை என்று தெரிந்திருந்தும் நட்புக்காகப் பேனாவை எடுப்பவர், இந்தத் திருமணத்தை நம்பி வரும் மற்றவருக்குத் துரோகம் செய்கிறார். அந்த உறவு செல்லாது என்று பின்னால் தெரியவரும்போது நடுத்தெருவில் நிற்பவர் அவர்தான். அப்படிப்பட்ட இடத்தில் நண்பர் கோபித்துக்கொண்டாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே.