அன்னையர் தினத்துக்கு ஒரு மின்னஞ்சல்

இலங்கையில் அன்னையர் தினம் மே மாத இரண்டாவது ஞாயிறு. பிரித்தானியாவிலோ ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பே வந்துபோய்விடும். திருகோணமலையில் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர், உவர்மலையிலுள்ள தாய்க்காக லண்டனிலிருந்து ஓடர் தரும் பிள்ளைக்கு எழுதும்போது திகதியையே சொல்லிவிடுவது நல்லது.

பெயரும் இடறும். தமிழ்ப் பெயரில் தந்தை பெயர் முன்னே நிற்பதால், முதற்சொல்லை எடுத்துப்போடும் மென்பொருள் 'அன்புள்ள கந்தசாமி' என்று மகளையே அழைத்துவிடும். மடல் மொத்தமாக அனுப்பப்பட்டது என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுக்கும்.

அலங்காரச் சொற்களைவிடப் பழைய ஓடர் கொப்பி பயன்படும்: "போனமுறை அம்மாவுக்கு முட்டையில்லாத கேக் ஒரு கிலோ அனுப்பினோம். இம்முறையும் அதுவா? வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை பத்து கேக் மட்டுமே செய்ய முடியும்." இது உண்மையான எல்லை என்பதால் அவசரப்படுத்துவதாகத் தோன்றாது.

தாயை இழந்தவர்களுக்கு இம்மடலே வேண்டாததாகலாம். 2019இல் பிரித்தானியப் பூ விற்பனை நிறுவனம் புளூம் அண்ட் வைல்ட், அன்னையர் தின மடல்களிலிருந்து மட்டும் விலகிக்கொள்ள வழி செய்தது. சிறு வியாபாரத்துக்கு அதற்கென மென்பொருள் தேவையில்லை. முன்கூட்டியே ஒரு வரியில் கேட்டு, கொப்பியில் பெயருக்கருகே குறித்துவைத்தால் போதும்.