விட்டுப்போன அம்மி

அக்கா அம்மியை எடுத்துப்போகவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

தளவானூரில் அப்பா விட்டுப்போன நாட்டு ஓட்டு வீடு. அதில் ஒன்பது வருஷமாக அக்கா வாடகைக்கு இருந்தார். கார்த்திகை மழையில் ஒழுகியது. பனஞ்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் 'பொத்' என்றது. கரையான் அரித்த மாவு கொட்டியது. சட்டத்தை மாற்ற ஓட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்த கூரைக்கு அடியில் யார் இருக்க முடியும்?

"சித்திரை பொறந்ததும் வந்துடுங்கக்கா. மொத மூணு மாசம் பாதி வாடகை போதும்" என்றேன். தை கடைசியில் வண்டி வந்தது. கட்டில், பாத்திரம் எல்லாம் ஏறின. அம்மியைக் காட்டினேன். "அது கெடக்கட்டும் தம்பி. நான்தான் வரப் போறேனே."

ஓடு இறங்கியபிறகுதான் தெரிந்தது, மழை ஊறி ஊறி மண்சுவரின் தலை இற்றுப்போயிருந்தது. தொட்டால் கையோடு வந்தது. ஒன்றரை அடி இடித்துவிட்டுச் செங்கல் வைக்கச் சொன்னார் மேஸ்திரி. செலவு இரட்டித்தது. "இதுக்குத் தளமே போட்டுடலாம், வாடகையும் ஏத்தலாம்" என்றார் மச்சான். நான் மறுத்துப் பேசவில்லை. கொத்தனார் அம்மிமேல் டீ கிளாஸ் வைத்திருந்தார்.

சின்ன வயதில் மாரியம்மன் கோயிலில் பாலாலயம் பார்த்திருக்கிறேன். திருப்பணி முடியும்வரை அம்மனின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, ஒரு சின்னக் கொட்டகையில் வைத்துப் பூசை செய்தார்கள். "சாமி எப்பப்பா திரும்பும்?" என்றேன். "கும்பாபிஷேகத்துக்கு" என்றார் அப்பா. அது எப்போது என்று அவருக்கும் தெரியாது. பணம் தீர்ந்து நின்றுபோன திருப்பணிகள் எத்தனை! எங்கள் ஊர் மலையில் மகேந்திரவர்மன் குடைந்த சத்துருமல்லேஸ்வரத்தில் இருக்கும் ஈசனுக்கு அந்தக் கவலை இல்லை. பாறைக்குள் ஏது சட்டம், ஏது கரையான்?

வாடகைச் சட்டத்தையும் புரட்டினேன். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதுபார்க்கக் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர், வீடு கைக்கு வந்த 3 மாதத்துக்குள் வேலையை முடித்து அதே குடித்தனக்காரருக்கே தருவதாக உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 2019-இல் அமலான புதிய சட்டத்தில் அந்த உரிமை தானாக வராது. இருவரும் ஒத்துக்கொண்டு, புது ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்தால்தான் திரும்பக் குடிவரலாம். இரண்டுமே நகரத்துக்கான சட்டங்கள். எங்களைப் போன்ற கிராமத்துக்கு வாய்ச்சொல்தான். எழுதச் சொல்லி அக்கா கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

இப்போது வைகாசி. போன வாரம் அக்கா போன் செய்தார். சித்திரை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அம்மி வெயில்லயா கெடக்குது தம்பி?"

"நெழல்லதான்க்கா."

பொய். போனை வைத்துவிட்டுச் சித்தாளைக் கூப்பிட்டேன். என்னை நம்பித்தான் அக்கா அம்மியை விட்டுப்போனாரா, நான் மறந்துவிடக் கூடாதென்றா, இன்னும் பிடிபடவில்லை.

"எங்க வெக்கறதுண்ணா, உள்ளயா?" என்றார் சித்தாள்.

"இப்போதைக்கு வேப்பமரத்தடியில" என்றேன்.