கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும்

இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும்போது கடைக்காரர் "அஞ்சு வருஷ வாரண்டி சார்" என்பார். அட்டையில் 36+24 மாதம் என்று பெரிதாகவும், நிபந்தனைகள் பொடி எழுத்திலும் இருக்கும். அதைச் சில வரிகளாகச் சுருக்க உட்கார்ந்தால், முதலில் பிரிக்க வேண்டியது அந்தக் கூட்டல் குறியை.

முதல் 36 மாதத்துக்குள் தயாரிப்புக் குறையால் பேட்டரி செத்துப்போனால் மாற்று பேட்டரி இலவசம். அடுத்த 24 மாதத்துக்குப் புதியது வாங்கும்போது தள்ளுபடி மட்டுமே. அதுவும் மாதம் ஏற ஏறக் குறையும். "60 மாத வாரண்டி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

தள்ளுபடி எந்த விலையில் என்பதையும் விடக்கூடாது. பெரும்பாலும் எம்.ஆர்.பி.யில்தான் கழிப்பார்கள். 2022 ஜூன் 10-இல் வாங்கிய பேட்டரி 2025 ஆகஸ்ட் 20-இல் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 39-ஆவது மாதம். எம்.ஆர்.பி. 20,000 ரூபாய், தள்ளுபடி 30 சதவீதம் என்றால் கட்ட வேண்டியது 14,000. அதே பேட்டரி கடையில் 16,000-க்குக் கிடைக்கலாம். பழையதைப் போட்டால் 3,000 கழித்து 13,000-க்கே தரலாம். வாரண்டியில் போனால் பழைய பேட்டரியை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கில் வாரண்டிதான் நஷ்டம்! ஆகவே "வெளிவிலையோடு ஒப்பிட்டுப் பார்" என்ற வரி சுருக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

விலக்குகள் நீளமாக இருந்தாலும் வீட்டுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றாமல் காயவிட்டது, குழாய்த் தண்ணீர் ஊற்றியது, பெட்டி உடைந்தது, சீரியல் எண் அழிந்தது. சார்ஜ் இறங்கிக் கிடப்பது குறையாகாது. மெக்கானிக் முழுக்க சார்ஜ் ஏற்றி, ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லையும் பார்ப்பார். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால் கோளாறு உள்ளே என்று சந்தேகிப்பார்.

இப்போது அட்டை இப்படிச் சுருங்கும்:

"2025 ஜூன் 9 வரை இலவச மாற்று. 2027 ஜூன் 9 வரை எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி மட்டும், வெளிவிலையோடு ஒப்பிடு. தண்ணீர் காய்ந்தாலோ பெட்டி உடைந்தாலோ கிடையாது. மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு மீதி மாதங்கள்தான், புதுக் கணக்கு இல்லை. கேட்க: பில், டீலர் முத்திரையிட்ட அட்டை, சீரியல் எண், முதலில் டீலர், பிறகு சர்வீஸ் சென்டர், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915."

மாதக் கணக்கைத் தேதியாக மாற்றி எழுதியதைக் கவனியுங்கள். பேட்டரி நின்ற அன்று யாரும் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கப் பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில் வெப்பத்தாளில் அச்சானது என்றால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, இந்த வரிகளோடு சேர்த்து வையுங்கள்.